பாதரசக் கேனுக்கு ஒரு வண்டி

கடலூர் சிப்காட் ஆலைகளின் கழிவுநீரானாலும் உப்பனாற்று நீரானாலும், அதன் மாசை அளக்க ஆய்வகங்கள் வழக்கமாகச் செய்வது சி.ஓ.டி. சோதனை. மாசைப் பிடிக்கும் அந்தச் சோதனையே பாதரசக் கழிவை உண்டாக்குகிறது. அந்தக் கழிவு எங்கே போகிறது என்று கடலூரிலும் சிதம்பரத்திலும் யாராவது கணக்குக் கேட்டாக வேண்டும்.

20 மி.லி. நீருடன் 0.4 கிராம் பாதரச சல்பேட், 10 மி.லி. பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல், வெள்ளி சல்பேட் கலந்த அடர் கந்தக அமிலம் 30 மி.லி. ஆகியவற்றைச் சேர்த்து 2 மணி நேரம் கொதிக்க விடுவார்கள். நீரில் உள்ள குளோரைடும் டைகுரோமேட்டோடு வினைபுரிந்து அளவைப் பொய்யாக உயர்த்திவிடும். அதைத் தடுக்கத்தான் பாதரசம். 0.4 கிராம், லிட்டருக்கு 2,000 மி.கி. குளோரைடு வரை தாங்கும். கடல் ஏறும் உப்பனாற்றின் முகத்துவார நீர் அந்த அளவை எளிதில் தாண்டும். அப்போது நீரை நீர்க்கச் செய்ய வேண்டும், அல்லது இன்னும் பாதரசம் போட வேண்டும். நம் ஊர் உப்பு நீரே கழிவைப் பெருக்குகிறது.

ஒரு சோதனையின் 0.4 கிராம் உப்பில் இருப்பது 270 மி.கி. பாதரசம். வெளியேற்றும் நீரில் சட்டம் அனுமதிப்பது லிட்டருக்கு 0.01 மி.கி. மட்டுமே. அதாவது ஒரே ஒரு குடுவையைத் தொட்டியில் கொட்டினால், அதை வரம்புக்குள் கொண்டுவர 27,000 லிட்டர் நீர் வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு ஊற்றினால் போதும் என்ற பழைய வழக்கத்துக்கு இந்தக் கணக்கே பதில்.

ஆய்வகத்திலேயே சுத்திகரிக்கலாமே என்பார்கள். வெறும் அமிலத்துக்கு அது சரி. உலோகம் கலக்காத கந்தக அமிலத்தையோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ நிறைய நீரில் மெல்ல ஊற்றி, சுண்ணாம்பால் நடுநிலையாக்கி, பி.எச். 5.5-க்கும் 9-க்கும் இடையில் வந்ததைப் பார்த்தபின் வடிகாலில் விடலாம். பாதரசம் வேறு கதை. அமிலக் கழிவில் நேராகச் சோடியம் சல்பைடு போட்டால் கிளம்புவது ஹைட்ரஜன் சல்பைடு, ஆளைக் கொல்லும் வாயு. முதலில் காரமாக்கிவிட்டுப் போட்டாலும், சல்பைடு அளவு மிஞ்சினால் படிந்த பாதரச சல்பைடே மறுபடி கரையும். வடிகட்டிய நீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருக்கும். 0.01 மி.கி.யை அளக்கும் கருவி இல்லாத கல்லூரி, வெற்றி பெற்றோமா என்றே அறியாது. கிடைத்த படிவும் அபாயக் கழிவுதான். ஆகவே பாதரசக் கேனைக் கல்லூரிகள் சுத்திகரிக்க முயலக் கூடாது; தனியே சேர்த்து, மூடி, பெயரும் தேதியும் எழுதி அனுப்ப வேண்டும் என்பதே நம் நிலை.

கரைப்பான்களும் தொட்டிக்குப் போகக் கூடாது. குளோரோஃபார்ம் போன்ற குளோரின் உள்ளவை ஒரு கேனிலும், அசிட்டோன், ஹெக்சேன் போன்றவை இன்னொன்றிலும் சேரட்டும். குளோரின் உள்ளவற்றை எரிக்கும்போது அமிலப் புகை வருவதால் அவற்றுக்குத் தனிக் கவனிப்பு தேவை. நைட்ரிக் அமிலம் மட்டும் எந்தக் கரைப்பான் கேனையும் நெருங்கக் கூடாது. வாயு பெருகி, மூடிய கேன் வெடிக்கும்.

அனுப்புவது எங்கே? அபாயக் கழிவை ஏற்கும் மையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து 200 கி.மீ.க்கு மேல். இரண்டு கேனுக்காக ஒரு கல்லூரி தனி வண்டி அமர்த்தாது. கொட்டுவதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல, வழியில்லாமையும்தான். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் 90 நாள் வரை சேமிக்க அனுமதிக்கின்றன. ஆண்டுக்கு 10 டன்னுக்குள் கழிவு தருவோருக்கு அதை 180 நாளாக நீட்டிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தால் முடியும். ஆண்டுக்கு இரண்டு நடை வண்டி வந்தால் போதும் என்றாகிறது. கடலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் நாள் குறித்து, அங்கீகாரம் பெற்ற வண்டியைக் கல்லூரி வாசலுக்கே அனுப்பட்டும். கேன்கள் சேரும் வரை வைக்கும் கிடங்கை, 2013-இல் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் அமைக்கலாம். அதற்கான அனுமதியை வாரியம் தாமதிக்காமல் தர வேண்டும்.

கண்காணிப்பும் கடினமல்ல. 500 கிராம் பாதரச சல்பேட் புட்டி காலியானால் அதிலிருந்த 338 கிராம் பாதரசம் கேன்களில் இருந்தாக வேண்டும். ஆய்வாளர் இருப்புப் பதிவேட்டையும் கேன்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பதிவேட்டில் நான்கு புட்டி, அறையில் அரைக் கேன் என்றால் மீதி எங்கே போனது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கழிவைக் குறைக்கவும் வழி உண்டு. மூடிய சிறு குழாயில் 2.5 மி.லி. நீரை வைத்துச் செய்யும் முறை பழைய முறையைப் போலவே அங்கீகரிக்கப்பட்டது. கழிவு எட்டில் ஒரு பங்குதான். மாணவர்களுக்குக் கற்பிக்க அதுவே தாராளம். செலவைப் பொறுத்தவரை, ஆலைகளுக்குச் சோதனை செய்து தரும் ஆய்வகங்கள் கட்டணத்திலேயே கேனை அனுப்பும் செலவைச் சேர்த்துக்கொள்ளட்டும். அரசுக் கல்லூரிகளின் பங்கை உயர்கல்வித் துறை, ரசாயனம் வாங்கும் அதே தலைப்பில் ஒதுக்க வேண்டும்.