அமுக்கிப் பிடிங்க, அப்புறம் திருப்புங்க

எங்க டிபார்ட்மென்ட் மெஷின்ஸ் லேப் அண்ணா போன மாசம் ரிட்டயர் ஆனார். தலை முழுக்க நரைச்சுப் போனாலும் எல்லா பேட்சுக்கும் அவர் அண்ணாதான். செமினார் ஹாலில் விழா. பின்னாடி பெரிய எல்.இ.டி. திரையில் அவருடைய பேர் பளபளன்னு ஓடிக்கிட்டு இருந்தது. இந்த இதழுக்குப் படம் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. சால்வை போர்த்தும்போது எடுத்த பதினோரு படத்திலும் பேர் தெளிவா இருந்தது, முகம் மட்டும் கரிக்கட்டை. "தம்பி, போட்டோ நல்லா வந்துச்சா? வீட்ல கேட்பாங்க"ன்னு அவர் கேட்டப்போ தலையை மட்டும் ஆட்டினேன்.

ரூமுக்கு வந்ததும் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "போன் சரியில்லடா, மாத்து." நான் இதை ஒத்துக்கவே மாட்டேன். தப்பு போனில் இல்லை, என் விரலில். நான் முகத்தைத் தொட்டேன், ஆனால் அமுக்கிப் பிடிக்கவில்லை. படம் எடுக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம், அதற்கு ஒரு பட்டனே திரையில் கிடையாது.

நடந்தது இதுதான். நீங்கள் எதையும் தொடாமல் இருக்கும்போது கேமரா முழு ஃப்ரேமையும் பார்த்து, மொத்த வெளிச்சத்தை ஒரு நடுத்தர அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னாடி திரை பளிச்சென்று இருந்தால் எல்லாத்தையும் இருட்டாக்கும், முகமும் சேர்ந்து இருட்டாகும். முகத்தை ஒருமுறை தொட்டால், "சரி, இந்த இடத்துக்கு ஏத்த மாதிரி வைக்கிறேன்"னு ஃபோகஸையும் பிரைட்னஸையும் அங்கே மாற்றும். அதுவரை நல்லதுதான். ஆனால் நான் தொட்ட கையோடு, பேரும் உள்ளே வரட்டும்னு போனை இடதுபக்கம் திருப்பினேன். காட்சி மாறிடுச்சுன்னு போன் கண்டுபிடித்தது, நான் சொன்னதை மறந்தது, பழையபடி முழு ஃப்ரேமையும் அளக்க ஆரம்பித்தது. ஐபோன் ஆப் எழுதுகிறவர்களுக்கு இதற்கென்றே `AVCaptureDeviceSubjectAreaDidChangeNotification` என்று ஒன்று இருக்கிறது. காட்சி நிறைய மாறினால் ஆப்புக்குச் சேதி வரும், ஆப் ஆட்டோவுக்குத் திரும்பிக்கொள்ளலாம். அதாவது நம்மை மறப்பது கோளாறு இல்லை, அப்படித்தான் டிசைன் பண்ணியிருக்கிறார்கள்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம். தொடுவது அளக்கும் இடத்தை மாற்றுவது, லூப் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அமுக்கிப் பிடிப்பது லூப்பையே வெட்டிவிடுவது. லென்ஸ் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கும், எக்ஸ்போஷர் எவ்வளவோ அவ்வளவே. அதுக்கப்புறம் போனை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது எதையும் புதுசா அளக்காது. பெரிய கேமராவில் ஷட்டர் பட்டனைப் பாதி அமுக்கி வைத்துக்கொண்டு ஃப்ரேமை மாற்றுவார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான் இங்கே விரலுக்கு வந்திருக்கிறது.

ஒரு வாரம் கழித்து அண்ணா பி.எஃப். பேப்பரில் கையெழுத்து வாங்க லேப்புக்கு வந்தார். விடுவேனா? ஆனால் இடம் மறுபடியும் சிக்கலானதுதான். அவருக்குப் பின்னாடி பெரிய ஜன்னல், காலை பத்தரை மணி வெயில். அவர் இடதுபக்கம் நிற்கணும், வலதுபக்கம் அவர் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்ட டி.சி. மோட்டார் பெஞ்ச் வரணும்.

முதலில் எந்த இடத்தில் நின்று எடுக்கப் போகிறேனோ அங்கேயே போய் நின்றேன், ரெண்டு மீட்டர் தூரம் இருக்கும். இது முக்கியம், ஏன்னு பிறகு சொல்றேன். அவர் முகத்தை ஃப்ரேமின் நடுவில் கொண்டுவந்து, கன்னத்தில் விரலை வைத்து ரெண்டு மூணு விநாடி எடுக்காமல் பிடித்தேன். ஐபோனில் மேலே மஞ்சளில் `AE/AF LOCK` என்று வரும். பல ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு பூட்டுப் படம் வரும். அது வந்தால்தான் பூட்டியதாக அர்த்தம், வராமல் விரலை எடுத்தால் நீங்கள் வெறுமனே தொட்டிருக்கிறீர்கள். முதல்முறை நான் தெரியாமல் அவருடைய வெள்ளைச் சட்டையில் பிடித்துவிட்டேன். வெள்ளையைப் பார்த்ததும் கேமரா வெளிச்சம் ஜாஸ்தின்னு நினைத்துக் குறைத்தது, முகம் மறுபடி கறுத்தது. வேற இடத்தில் ஒருமுறை தொட்டுப் பூட்டை எடுத்துவிட்டு, முகத்தில் திரும்பப் பிடித்தேன்.

இப்போ முகம் நல்லா வந்தது, ஜன்னல் மொத்தமா வெள்ளையாகி வெளியே இருந்த வேப்பமரமே காணோம். பூட்டிய பிறகும் பக்கத்தில் இருக்கும் சூரியன் படத்தைக் கீழே இழுக்கலாம். கொஞ்சம் இழுத்தேன், மரத்தின் கிளை லேசாகத் தெரிகிற வரைக்கும். முகம் சற்று மங்கியது, பரவாயில்லை. முகத்தில் இருக்கும் இருட்டை எடிட்டிங்கில் ஓரளவு தூக்கலாம். முழு வெள்ளையாகிப் போன இடத்தில் திரும்பக் கொண்டுவர எதுவுமே பதிவாகியிருக்காது. அப்புறம் காலை நகர்த்தாமல் போனை மட்டும் வலதுபக்கம் திருப்பினேன், அண்ணா இடது ஓரத்துக்குப் போனார், மோட்டார் உள்ளே வந்தது. எடுத்தேன்.

காலை நகர்த்தாமல் என்று சொன்னேன் இல்லையா? ஃபோகஸ் பூட்டு என்பது ஒரு தூரத்தைப் பூட்டுவது. அண்ணாவின் முகத்தைப் போன் ஞாபகம் வைத்திருக்கும்னு நினைக்காதீங்க, அதுக்குத் தெரிந்தது ரெண்டு மீட்டர் மட்டும்தான். ரெண்டு மீட்டரில் ஒரு அடி முன்னே பின்னே போனாலும் போன் கேமரா சமாளிக்கும். ஆனால் ஒரு சர்க்யூட் போர்டையோ பூவையோ ஒரு அடி தூரத்தில் வைத்து எடுக்கும்போது, சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே மங்கிவிடும். சின்னத் திரையில் இது தெரியாது. எடுத்த படத்தில் கண்ணையோ எழுத்தையோ பெரிதாக்கிப் பாருங்க, அங்கே தெரிந்துவிடும். அதேபோல் 1x-லிருந்து 0.5x-க்குப் போனால் பல போன்களில் வேலை செய்வது வேறொரு கேமரா, வேறொரு லென்ஸ். அதனால் எந்த லென்ஸில் எடுக்கப் போகிறீர்களோ அதை முதலில் போட்டுவிட்டு அப்புறம் பூட்டுங்க.

"இப்போதான் ஹெச்.டி.ஆர். இருக்கே, முகத்தைத் தானா கண்டுபிடிக்குதே, இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான், சாதாரண வெளிச்சத்தில் ஆட்டோவே போதும். ஆனால் சால்வை வாங்க அண்ணா தலையைக் குனிந்தபோது போனுக்கு அங்கே முகம் என்று ஒன்று தெரிந்திருக்காது. இந்த மேடையில் எது முக்கியம், திரையா ஆளா என்பது எனக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது.

பூட்டவே கூடாத இடமும் இருக்கு. கல்ச்சுரல்ஸ் டான்ஸில் லைட் நொடிக்கு நொடி மாறும், ஆடுகிறவர்கள் முன்னும் பின்னும் ஓடுவார்கள். சிவப்பு லைட்டில் பூட்டிவிட்டு அடுத்த நொடி வெள்ளை ஸ்பாட் விழுந்தால் முகம் சுண்ணாம்புதான், ஏன்னா லூப்பை நீங்கதான் வெட்டினீங்க. அங்கே ஆட்டோவே ஓடட்டும்.

மேடைப் படம் பதினொன்றும் இன்னும் என் போனில் கறுப்பாகத்தான் கிடக்கின்றன. இந்த இதழில் நீங்கள் பார்ப்பது லேப்பில் எடுத்தது. அண்ணாவுக்கு அனுப்பினேன். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மோட்டார் நேம் பிளேட் படிக்க முடியுதே தம்பி"ன்னுதான் பதில் வந்தது.