முதல் வேலை, முதல் ஆஃபர்: சம்பளம் பேசலாமா, உடனே ஓகே சொல்லலாமா?

மாலை 5 மணிக்கு எச்.ஆரிடமிருந்து போன். “செலக்ட் ஆயிட்டீங்க. பேக்கேஜ் 4.5 லட்சம். ஓகேவா?” திருச்சியில் பொறியியல் முடித்து, சென்னையில் ஒரு சிறிய சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்த மாணவிக்கு இப்படி அழைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். “கிடைச்சதை விட்டுடாதடி” என்கிறார் அம்மா. “கொஞ்சம் பேசிப் பாரு” என்கிறான் நண்பன். இரண்டுமே நியாயம்தான். ஆனால், 4.5 லட்சம் என்றால் கையில் எவ்வளவு என்பது இருவருக்குமே தெரியாது.

4.5 லட்சத்தில் கைக்கு வருவது எவ்வளவு?

4.5 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் மாதம் 37,500 ரூபாய். வீட்டில் எல்லோரும் போடும் கணக்கு இதுதான். ஆனால், பேக்கேஜ் என்று சொல்லப்படும் சி.டி.சி. என்பது, ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஆண்டு முழுக்கச் செய்யும் மொத்தச் செலவு. அதில் 10% வேரியபிள் பே என்றால், 45,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் வராது. நிறுவனத்தின் பங்கான பி.எஃப். மாதம் 1,800 வீதம் 21,600. கிராஜுவிட்டிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் சேர்த்து சுமார் 18,000 என்று வைத்துக்கொள்ளலாம். இவற்றைக் கழித்தால் மாதம் 30,450. அதில் ஊழியரின் பங்கான பி.எஃப். 1,800-உம் தொழில் வரியும் போக, வங்கிக் கணக்கில் விழுவது ஏறக்குறைய 28,400 ரூபாய்.

37,500 எங்கே, 28,400 எங்கே? அதனால், போனிலேயே ஓகே சொல்வதும் தவறு, போனிலேயே பேரம் பேசுவதும் தவறு. “ரொம்ப சந்தோஷம் மேடம். சம்பள பிரேக்-அப்பை மெயில்ல அனுப்ப முடியுமா? பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்” என்பதே சரியான முதல் பதில்.

எதைக் கேட்பது?

பலரும் நேராக “4.8 ஆக்க முடியுமா?” என்று கேட்பார்கள். கூடும் 30,000-இலும் 10% வேரியபிள் என்றால், மாதத்துக்குக் கூடுவது 2,250 ரூபாய். மாறாக, அந்த 45,000 வேரியபிளை நிலையான சம்பளத்தோடு சேர்க்கச் சொன்னால் மாதத்துக்கு 3,750 கூடும். நிறுவனத்தின் மொத்த பட்ஜெட் மாறாது என்பதால், எச்.ஆருக்கும் மேலிடத்தில் பேசுவது சுலபம். வேரியபிள் எப்படியும் வந்திருக்கலாமே என்றால், வந்திருக்கலாம்தான். ஆனால், அது நிறுவனத்தின் லாபத்தையும் மேலாளரின் மதிப்பீட்டையும் பொறுத்தது. மாதா மாதம் வாடகை கட்ட அது உதவாது.

கேட்கும் விதமும் முக்கியம். “சேர்றதுல எனக்குச் சந்தேகமே இல்ல மேடம். சென்னையில ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் பார்க்கும்போது மாசச் சம்பளம் கொஞ்சம் டைட்டா இருக்கு. வேரியபிளை ஃபிக்ஸடுல சேர்க்க வாய்ப்பிருக்கா? முடியலைன்னா முதல் வருஷத்துக்கு மட்டும் கியாரண்டி பண்ண முடியுமா?” ஒரே முறை, இவ்வளவு போதும்.

ஆஃபர் போய்விடுமா?

எல்லோருடைய பயமும் இதுதான். நேர்காணல்கள் நடத்தி, ஒருவரைத் தேர்ந்தெடுத்த நிறுவனம், பணிவாகக் கேட்ட ஒரு கேள்விக்காக மறுபடி முதலிலிருந்து தேட விரும்பாது. வழக்கமாக வரும் மோசமான பதில் “முடியாது” என்பதுதான். ஆஃபர் கைநழுவுவது வேறு விதங்களில். இல்லாத இன்னொரு ஆஃபரை இருப்பதாகச் சொல்வது முதலாவது. “அந்த லெட்டரை அனுப்புங்க” என்றால் அங்கேயே மாட்டிக்கொள்ள நேரும். “முடியாது” என்ற பிறகும் விடாமல் கேட்பது, பதில் சொல்லாமல் நாட்களைக் கடத்துவது ஆகியவை மற்றவை.

பேசாமல் ஏற்றுக்கொள்ள வேண்டிய இடமும் உண்டு. கல்லூரி வளாகத்தில் நூற்றுக்கணக்கானோரை ஒரே சம்பளத்துக்கு எடுக்கும் பெரிய நிறுவனங்களில், தனி ஒருவருக்காகத் தொகை மாறாது. அங்கே பாண்ட் எத்தனை ஆண்டு, முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும், நோட்டீஸ் பீரியட் 30 நாளா 90 நாளா, எப்போது சேர வேண்டும் என்பதைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேரடியாக ஆளெடுக்கும் சிறிய, நடுத்தர நிறுவனம் என்றால் ஒரு முறை கேட்டுவிடுவதே சரி. ஆண்டு உயர்வு இந்தத் தொகையின் சதவீதமாகத்தான் வரும். அடுத்த நிறுவனமும் முதலில் கேட்பது இப்போதைய சம்பளத்தைத்தான். பதில் “முடியாது” என்று வந்தால், வேறு ஆஃபர் கையில் இல்லாத, கல்விக் கடன் தவணை நெருங்கும் ஒருவர் அன்றே ஏற்றுக்கொள்ளலாம். கேட்டதால் அவருக்கு ஆன செலவு ஒரு நாள்தான்.