வாழ்த்தைக் கடைசியில வையுங்கோ

பட்ச் குறூப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் இரவு 12 மணிக்கே தொடங்கிவிடும். முதல் ஆள் "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று போடுவார். பிறகு வாறவை எல்லாரும் அதையே கொப்பி பண்ணி, ஒரு கேக் படத்தையும் சேர்த்து அனுப்புவினம். (இடையில் ஒருவர் "வாழ்த்துகளா, வாழ்த்துக்களா" என்று சண்டை பிடிப்பார். உண்மையில் அந்தச் சண்டை மட்டும்தான் வாசிக்கக்கூடியதாக இருக்கும்.) பிறந்தநாள்காரர் விடிய எழும்பி எல்லாருக்கும் சேர்த்து ஒரு "தாங்ஸ்" போடுவார். அவ்வளவுதான்.

அந்த வசனத்தில் பிழை இல்லை. அது நிற்கிற இடம்தான் பிழை. வட்ஸ்அப்பில் மெசேஜைத் திறக்க முதல் பல போன்களில் தெரிவது பெயருக்குக் கீழே ஒரேயொரு வரி. தமிழில் எழுதினால் நாலைந்து சொல்லோடு அந்த வரி முடிந்துவிடும். அந்த இடத்தை "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்" பிடித்துக்கொண்டால், கீழே நீங்கள் உருகி உருகி என்ன எழுதியிருந்தாலும் மற்ற முப்பது மெசேஜும் உங்களுடையதும் வெளியில் இருந்து பார்க்க ஒன்றுதான்.

எங்கட பத்திரிகைகளில் வரும் பிறந்தநாள் வாழ்த்துகளை ஞாபகப்படுத்திப் பாருங்கள். பிள்ளையின் படம், பெயர், ஊர், எத்தனையாவது பிறந்தநாள், பிறகு அப்பா, அம்மா, அம்மம்மா, கனடா மாமா, லண்டன் சித்தி என்று ஒரு நீளப் பட்டியல். "வாழ்த்துகின்றனர்" என்ற சொல் எல்லாம் முடிந்த பிறகுதான் வரும். பழைய பாணி என்று சிரிக்கிறோம். ஆனால் ஊரில் அதைக் கடைசிவரை வாசிப்பார்கள், யாருடைய பெயர் விடுபட்டது என்று பார்க்கவாவது! தமிழில் வினைச்சொல் பொதுவாகக் கடைசியில் வருவதால், ஆளையும் பொருளையும் முன்னுக்கு வைத்து வாழ்த்தைப் பின்னுக்குத் தள்ளுவது எங்களுக்குச் சுலபம்.

ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். என்ர ரூம்மேட்டுக்குப் போன மாதம் பிறந்தநாள். முதலில் எழுதியது: "உன்னைப்போல ஒரு நண்பி கிடைக்க நான் குடுத்து வைச்சிருக்கோணும்." இதை எவருக்கும் அனுப்பலாம். நான் பார்க்கிற சோதனை அதுதான்: பெயரை மாற்றி இன்னொருவருக்கு அனுப்பக்கூடிய வரி என்றால் அது தொடக்கமே இல்லை. இரண்டாவது: "எக்ஸாமுக்கு முதல் நாள் இரவு நீ எனக்குத் தந்த நோட்ஸ் கொப்பியில தேத்தண்ணிக் கறை இன்னும் இருக்கு." விஷயம் எங்களுடையதுதான். ஆனால் பிரிவியூவில் "எக்ஸாமுக்கு முதல் நாள் இரவு..." என்பதோடு வெட்டுப்படும். கறை உள்ளே மறைந்துவிடும். கடைசியில் அனுப்பியது:

"தேத்தண்ணிக் கறை இன்னும் போகேல்ல."

மூன்று நாலு சொல், முழுதாகத் தெரியும். எந்தக் கறை, ஏன் இப்ப இதைச் சொல்லுறாள் என்று திறந்துதான் பார்க்க வேண்டும். இரண்டாவது வரியில் கொப்பியையும் அந்த இரவையும் சொன்னேன். அவள் தன்ர நோட்ஸை எனக்குத் தந்துவிட்டு, போன் டோர்ச்சில் போட்டோக்கொப்பி வைத்துப் படித்த இரவு அது. இந்த இரண்டாவது வரி முக்கியம். முதல் வரி ஆவலைத் தூண்டிவிட்டு, அடுத்தது "சும்மா சொன்னனான், ஹப்பி பேர்த்டே" என்று முடிந்தால் ஆளுக்கு எரிச்சல்தான் வரும். வாழ்த்தை மூன்றாவது வரியில் வைத்தேன், வழக்கமான அதே சொற்களில்தான். அந்த இடத்தில் அது பழசாகத் தெரியவில்லை. அவளிடமிருந்து பதில் நாலு வோய்ஸ் மெசேஜாக வந்தது.

எல்லாருக்கும் இது சரிவராது. குறூப்பில் போட்டால் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த கறை மற்றவர்களை வெளியே நிறுத்திவிடும். அதைத் தனிச் சற்றில் போடுவதுதான் நல்லது. வயதைப் பகிடி பண்ணித் தொடங்குவதும் இப்போது இன்னொரு தேய்ந்த வரிதான். வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பாவுக்கு என்றால் நான் கேள்வியில் தொடங்குவேன்: "சித்தப்பா, இண்டைக்கும் வேலைக்குப் போறியளோ?" கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அவருக்குக் கஷ்டம், கதை தொடரும். அந்த வருடம் வீட்டில் ஒரு இழப்பு நடந்த ஆளுக்குப் புதிரும் வேண்டாம், பகிடியும் வேண்டாம். "பின்னேரம் வரட்டா?" போதும்.

விரிவுரையாளருக்கு மட்டும் தயவுசெய்து "வணக்கம் சேர், இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்" என்றே அனுப்புங்கள். அவருக்குத் தேத்தண்ணிக் கறை அனுப்பினால் அசைன்மென்ட் பேப்பரில் ஊத்திப்போட்டம் என்றுதான் நினைப்பார்.