பேஸ் வேணுமா? 230-ஐக் குறைங்க!

'வாத்தி கம்மிங்' மாதிரி குத்துப் பாட்டு என்றாலே, ஈக்வலைசரில் 60 Hz ஸ்லைடரை உச்சிக்கு ஏற்றிவிடுகிறோம். மலிவு இயர்போனின் குட்டி ஸ்பீக்கரால் அவ்வளவு ஆழமான ஒலியைச் சத்தமாகத் தர முடியாது, கரகரவென்று இரையும்.

முதலில் காதுக்குச் சரியாகப் பொருந்தும் ரப்பர் முனையை மாட்டுங்கள். இடைவெளி இருந்தால் பேஸ் கசிந்துவிடும். பிறகு 60-ஐ பூஜ்ஜியத்திலேயே விட்டு, 230-ஐ 3 டெசிபல் இறக்குங்கள். 'கும்'மென்ற மந்தம் குறைந்து, குரலும் தாள அடியும் தனித்தனியாகக் கேட்கும்.

காதை முழுசாக மூடும் நல்ல ஹெட்போனில் 60-ஐ 4 டெசிபல் ஏற்றலாம். கூடவே ப்ரீஆம்ப்பை 4 இறக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் அடி விழும்போதெல்லாம் பாட்டு உடைந்து கேட்கும். ப்ரீஆம்ப் இல்லாத ஆப்பா? 60-ஐத் தொடாமல் மற்ற நான்கையும் 4 இறக்குங்கள், பலன் ஒன்றுதான்!