கிரேன் சார்ட்டுக்குக் கீழே மண் இருக்கு!

போன லீவில் ஒரு மேம்பால சைட்டில் இன்டெர்ன்ஷிப் பண்ணேன். ப்ரீகாஸ்ட் பீம் தூக்குறதுக்கான லிஃப்டிங் பிளானை அங்கதான் முதல் தடவையா கையில் எடுத்துப் பார்த்தேன். மொத்தம் பன்னிரண்டு பக்கம். கிரேன் படம் கலரில் இருந்தது, லோட் சார்ட்டில் ஒரு கட்டத்தைச் சுற்றி சிவப்பு வட்டம் போட்டிருந்தது, ஸ்லிங், ஷேக்கில் கணக்கெல்லாம் பக்காவா இருந்தது. அவுட்ரிகருக்குக் கீழே என்ன இருக்கும்னு தேடினா ஒரே ஒரு வரிதான்: "தேவைக்கேற்ப ஸ்டீல் பிளேட் வைக்கவும்."

அந்தத் "தேவைக்கேற்ப" தப்புன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என் கருத்து இதுதான்: லிஃப்டிங் பிளானை லோட் சார்ட்டில் இருந்து ஆரம்பிக்கக் கூடாது, மண்ணில் இருந்துதான் ஆரம்பிக்கணும். சும்மா சொன்னா நம்ப மாட்டீங்க, அதனால ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

20 மீட்டர் நீள பீம், குறுக்குவெட்டுப் பரப்பு 0.48 சதுர மீட்டர்னு வெச்சுக்குவோம். கான்கிரீட் கன மீட்டருக்கு 2.5 டன். அப்போ பீம் எடை 24 டன். ஹூக் பிளாக், ஸ்ப்ரெடர் பீம், ஸ்லிங் எல்லாத்துக்கும் 2 டன் சேர்த்தா 26 டன். கிரேன் 60 டன், அதோட கவுண்டர்வெயிட் இன்னொரு 60 டன். தூக்குற ஆரம் 12 மீட்டர். அந்த ஆரத்துக்கு சார்ட் 40 டன் காட்டுதுன்னா, நாம பயன்படுத்துறது 65 சதவீதம்தான். இந்த இடத்தில் எல்லாரும் "சேஃப்"னு எழுதி மூடிடுறாங்க.

இப்போ மண்ணைப் பார்ப்போம். மொத்த எடை 146 டன். பூம் ஒரு அவுட்ரிகருக்கு நேர் மேலே சுத்தி வரும்போது, மொத்தத்தில் முக்கால் பங்கு அந்த ஒத்தைக் காலில் இறங்கலாம்னு முதல் மதிப்பீட்டுக்கு எடுத்துக்கலாம். சரியான எண்ணை கிரேன் தயாரிப்பாளரோட மென்பொருளில் இருந்துதான் எடுக்கணும். முக்கால் பங்குன்னா சுமார் 110 டன், அதாவது 1,080 கிலோநியூட்டன். கிரேனோட சொந்தப் பாதம் 60 சென்டிமீட்டர் சதுரம்னா, அதுக்குக் கீழே அழுத்தம் சதுர மீட்டருக்கு 3,000 கிலோநியூட்டன். நல்லா கெட்டிப்படுத்தின ஒரு நிரப்பு மண்ணுக்கு 150 அனுமதிக்கலாம்னு மண் பரிசோதனை சொல்லுதுன்னா, நாம இருபது மடங்கு தாண்டி நிக்கிறோம். 65 சதவீதம்னு சொன்ன அதே லிஃப்ட்தான் இது!

சரி, பரப்பைக் கூட்டுவோம். 1,080-ஐ 150-ஆல் வகுத்தா 7.2 சதுர மீட்டர், அதாவது 2.7 மீட்டருக்கு 2.7 மீட்டர். "அந்த அளவில் 25 மில்லிமீட்டர் பிளேட் போட்டாச்சு சார்"னு சொன்னா வேலை முடிஞ்சுதா? முடியலை. பாதத்துக்கு வெளியே பிளேட் ஒவ்வொரு பக்கமும் 1.05 மீட்டர் நீட்டிக்கிட்டு இருக்கு. அதை ஒரு கேன்டிலீவரா எடுத்து, கீழிருந்து வர்ற மண் அழுத்தத்தைப் போட்டா, வளைவுத் தகைவு சுமார் 780 மெகாபாஸ்கல் வருது. சாதாரண எஃகு 250-லேயே இளகிடும். அப்படின்னா பிளேட்டோட ஓரம் மேலே வளைஞ்சுக்கும், சுமை நடுவிலேயே குத்தும். காகிதத்தில் 7 சதுர மீட்டர் இருக்கும், உண்மையில் வேலை செய்யுறது அதில் கொஞ்சம்தான். கெட்டியான மேட் வேணும். தடிமனான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கியோ, ஐ-செக்‌ஷன்களைச் சேர்த்து வெல்ட் பண்ணியோ செய்யலாம். அதுக்கும் இதே வளைவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தாகணும். இது நாம நாலாவது செமஸ்டரில் போட்ட கணக்குதான், புதுசா ஒண்ணும் இல்லை.

மண் எங்கே ஏமாத்தும்? மேம்பாலத்தில் கிரேன் நிக்கிறது பெரும்பாலும் தூணுக்குப் பக்கத்தில். அங்கதான் பைல் கேப்புக்குத் தோண்டி மறுபடி மூடின மண் இருக்கும். சாலையோரத்தில் மழைநீர் வடிகால், பழைய குழாய்ப் பள்ளம் இருக்கும். மேலே தார் போட்டிருந்தா எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். நாலு காலில் மூணு கெட்டியில் நின்னு, ஒண்ணு மட்டும் வடிகால் மேலே நின்னா போதும். அவுட்ரிகர் அகலம் 7 மீட்டர்னா, ஒரு பக்கம் 70 மில்லிமீட்டர் இறங்குறது 1 சதவீதச் சாய்வு. 30 மீட்டர் உயரத்தில் இருக்கிற பூம் முனை அதனால 30 சென்டிமீட்டர் வெளியே போகுது. ஆரம் கூடுது, அந்தக் காலுக்குச் சுமை இன்னும் கூடுது, இன்னும் இறங்குது. அதனாலதான் பீமை முதலில் கொஞ்சம் மட்டும் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு பாதத்தோட மட்டத்தையும் லெவல் கருவியில் பார்க்கணும். இறக்கம் நின்னுடுச்சுன்னா மேலே போகலாம். நிக்காம ஊர்ந்துகிட்டே இருந்தா பீமைக் கீழே வைக்கிறதுதான் ஒரே வழி. பீமை வெச்சு முடிச்சதும் கவனம் தளரக் கூடாது. சுமை போனதும் கவுண்டர்வெயிட் பக்கத்துக் கால்களில் எடை ஏறும். காலி ஹூக்கோட திரும்புற கட்டத்துக்கும் தனியா கணக்கு வேணும்.

அடுத்தது, ஆள் நுழையக் கூடாத பகுதி. நம்ம சைட்டுகளில் இது கையில் இருக்கிற சிவப்பு-வெள்ளை டேப்போட நீளம்தான். ஆனா இது வடிவியல் விஷயம். 12 மீட்டர் ஆரத்தில் நடுவில் தொங்குற 20 மீட்டர் பீம் குறுக்கே இருந்தா, அதோட முனை கிரேன் மையத்தில் இருந்து சுமார் 15.6 மீட்டர் தூரம். வழிகாட்டுற கயிறு கைநழுவி பீம் நெடுக்கே திரும்பினா 22 மீட்டர். அதனால வட்டத்தை 15-க்கு இல்லை, 22-க்கு மேலே கூடுதல் இடைவெளி விட்டுப் போடணும். கவுண்டர்வெயிட் சுத்துற பின்பக்கத்துக்குத் தனி வேலி வேணும், அங்க ஆள் நசுங்குற இடம் அது. கிரேனே சாஞ்சா பூம் முழு நீளத்துக்கு விழும். அந்த எல்லைக்குள்ள வீடு, டீக்கடை, பஸ் ஸ்டாப் இருந்தா, லிஃப்ட் முடியுற வரை அங்க ஆள் இருக்கக் கூடாது.

நெதர்லாந்தில் ஆல்ஃபன் ஆன் டென் ரைன் ஊரில் 2015 ஆகஸ்ட் 3-ல் நடந்தது இதுதான். பாலத்தோட ஒரு பாகத்தை இரண்டு மொபைல் கிரேன்கள் மிதவைகள் மேலே நின்னு தூக்கின. மிதவைகளோட நிலைப்புத்தன்மை போதலை. சுமையோட இரண்டு கிரேனும் கரையோர வீடுகள், கடைகள் மேலே சாஞ்சது. அந்தக் கட்டடங்களை முன்கூட்டியே காலி செய்யலை. ஒருத்தருக்குக் காயத்தோட போனது அதிர்ஷ்டம்தான். கிரேனோட தாங்குதிறன் அங்க பிரச்சினை இல்லை, நின்ன இடமும் சுற்றுப்புறமும்தான் பிரச்சினை.

இன்னொண்ணு, இந்த எல்லைக்கு நேரமும் உண்டு. பேரிங் மேலே உட்கார்ந்த ஐ-பீம் அகலம் குறைவு, பக்கவாட்டில் கவிழக் கூடியது. பக்கத் தாங்கல் பூட்டுற வரை ஹூக்கைக் கழட்டக் கூடாது, டேப்பையும் எடுக்கக் கூடாது. சைட்டில் நான் பார்த்தப்போ, பீம் உட்கார்ந்ததும் கைதட்டிக்கிட்டு அத்தனை பேரும் கீழே வந்து நின்னாங்க.

"ராத்திரி நாலு மணி நேரம்தான் ரோடு பிளாக் கொடுக்குறாங்க, இதுக்கெல்லாம் நேரம் ஏது தம்பி?"ன்னு சைட் இன்ஜினியர் அண்ணன் கேட்டார். அவர் சொல்றது நியாயம். ஆனா மேட் அடுக்குறதும், குழி தோண்டி வடிகால் தேடுறதும் அந்த நாலு மணி நேரத்துக்குள்ள பண்ற வேலையே இல்லை, அதுக்கு முந்தின வாரத்து வேலை. திட்டத்தில் ஒரு பக்கம் ஒதுக்காததாலதான் அது ராத்திரி பத்து மணிக்கு நம்ம தலையில் விழுது.

அதனால நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு கோரிக்கை. கன்ஸ்ட்ரக்‌ஷன் டெக்னாலஜி அசைன்மென்ட்டில் லிஃப்டிங் பிளான் கேட்கிறப்போ, முதல் பக்கமா நாலு அவுட்ரிகர் சுமை, மேட் அளவு, அதோட வளைவுக் கணக்கு, பூமிக்குள்ள இருக்கிற குழாய்களோட வரைபடம் இது நாலையும் கேளுங்க. அது இல்லாத பிளானைத் திருப்பிக் கொடுங்க சார். நாளைக்கு அதே பிளானில் கையெழுத்துப் போடப் போறது நாங்கதான். அதுக்குக் கீழே கயிறு பிடிச்சு நிக்கப் போறவருக்கு அந்தக் கணக்கு தெரியாது. எங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.