கடகடவென்று வாசிக்கும் குழந்தைக்குக் கதை ஏன் வரவில்லை?

“பாப்பா கடகடன்னு படிக்குது டீச்சர். புத்தகத்த மூடிட்டு என்ன கதைன்னு கேட்டா முழிக்குது.” அரக்கோணம் வட்டாரத்தில் மூன்றாம், நான்காம் வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கும் சிறப்பாசிரியருக்கும் பழக்கமான முறையீடு இது. பெரும்பாலும் கிடைக்கும் பதில், “இன்னும் நாலு தடவை சத்தமா படிக்கச் சொல்லுங்கம்மா” என்பது. ஏற்கெனவே நன்றாகச் செய்வதையே அந்தக் குழந்தை இன்னும் நான்கு முறை செய்யும். கதை அப்போதும் வராது.

1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை எளிய பெருக்கல் கணக்காக விளக்கினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று. அதே செய்தியைக் காதால் கேட்டால் விளங்கிக்கொள்ளும் மொழித்திறன் மற்றொன்று. இரண்டின் பெருக்குத்தொகைதான் படித்துப் புரிவது. கூட்டல் என்றால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். பெருக்கலில் அது நடக்காது. மொழித்திறன் மிகக் குறைவாக இருந்தால், ஒலியாக்கம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் விடை சிறியதாகவே நிற்கும்.

தமிழில் இந்தக் குறை எளிதில் மறைந்துகொள்ளும். நம் எழுத்துமுறை பெருமளவு சீரானது. க, ச போன்ற சில எழுத்துகள் இடத்துக்கேற்ப ஒலி மாறினாலும், உயிர்மெய் வரிசைகள் கைவந்த குழந்தை இதுவரை கேட்டிராத சொல்லையும் பிசகில்லாமல் உச்சரித்துவிடும். ஆங்கிலத்தில் தெரியாத சொல் வந்தால் நா தடுமாறும், ஆசிரியர் கவனித்துவிடுவார். தமிழில் அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் ஆய்வின் அடிப்படைக் கருவியும், எழுத்து, சொல், பத்தி, கதை என்ற படிகளில் குழந்தை உரக்க வாசிப்பதை வைத்தே நிலையைக் குறிக்கிறது. விரைவான கணக்கெடுப்புக்கு அது பொருந்தும். கதைப் படியை எட்டிய குழந்தைக்குக் கதை புரிந்ததா என்பது வேறு கேள்வி.

வீட்டுத் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் உள்ள தூரம் அடுத்த காரணம். “போயிட்டு வந்தாங்க” என்று கேட்டு வளர்ந்த காதுக்கு “சென்று திரும்பினர்” புதிது. “எனினும்”, “ஆகவே” போன்ற இணைப்புச் சொற்கள் வீட்டுப் பேச்சில் வருவதே இல்லை. கதையின் காரண காரியமோ அவற்றில்தான் இருக்கிறது. எச்சத் தொடர்கள் இன்னும் கடினம். “கீரை விற்றுத் திரும்பிய பாட்டியைத் தேடி வந்த பேரன்” என்றால் விற்றது யார், தேடியது யார் என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஆந்திர எல்லையை ஒட்டிய அரக்கோணத்தில் தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது பேசும் வீடுகள் பல. அக்குழந்தைகளுக்கு இந்தத் தூரம் இரட்டிப்பாகிறது. ஆங்கில வழிப் பள்ளியில் படித்தால் மூன்றாவது மொழியும் சேர்ந்துகொள்கிறது.

இந்தக் குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஐந்து வரி போதும். இதோ ஒரு மாதிரி:

“முனியம்மாள் பாட்டி சந்தையில் கீரை விற்றாள். மதியம் வானம் இருண்டது. அவள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள். வழியில் பேரனின் பள்ளி மணி அடித்தது. அன்று பாட்டி மட்டும் நனைந்தபடி வீடு வந்தாள்.”

பாட்டி என்ன விற்றாள் என்று கேட்டால், புரியாத குழந்தைகூடக் “கீரை” என்று சொல்லிவிடும். விடை வரியிலேயே இருக்கிறது. கூடையில் கீரை மீதி இருந்ததா என்று கேட்க வேண்டும். கூடையைக் கவிழ்த்ததால் விற்றுத் தீர்ந்தது என்று ஊகிக்க வேண்டிய கேள்வி அது. பேரன் ஏன் நனையவில்லை என்பது அடுத்தது. கூடை அவன் தலைக்கு மாறியதைக் கதை சொல்லவே இல்லை. “மழை” என்ற சொல்லும் எங்கும் கிடையாது. இந்த இடைவெளிகளை நிரப்பாத குழந்தைக்கு இவை ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்து வாக்கியங்கள். ஒட்டாதவற்றை நினைவில் வைத்துத் திரும்பச் சொல்வது பெரியவர்களுக்கே கடினம்.

அடுத்து, இதே அளவுள்ள வேறொரு கதையை ஆசிரியர் வாசித்துக் காட்டிக் கேட்க வேண்டும். கேட்ட கதையைக் குழந்தை சொல்லிவிட்டால், மொழி இருக்கிறது. உரக்க வாசிக்கும்போது உச்சரிப்பிலும் வேகத்திலும் கவனம் முழுவதும் போய்விடுகிறது என்று கொள்ளலாம். கேட்ட கதையும் வராவிட்டால், அதையே வீட்டுப் பேச்சில் சொல்லிப் பார்க்க வேண்டும். அப்போது வந்தால் தடை நூல் தமிழில் இருக்கிறது. கூச்சத்தால் வாய் திறக்காத குழந்தையும் உண்டு. நான்கு படங்களைக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால், புரிந்தும் சொல்லத் தெரியாதவர் யார் என்று தெரிந்துவிடும்.

முதல் வகைக் குழந்தைக்குப் பெற்றோர் செய்ய வேண்டியது எளிது. கதையை ஒருமுறை உரக்க, மறுமுறை மனசுக்குள் படிக்கவிட்டு, அதன் பிறகே கேட்க வேண்டும். வேகத்தைப் பாராட்டுவதையும் குறைத்துக்கொள்ளலாம்.

மற்றக் குழந்தைகளுக்கு வேண்டியது பேச்சு. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான ஆதாரம். நன்றாக வாசித்தும் புரியாத 8, 9 வயதுக் குழந்தைகளுக்கு 20 வாரம் பயிற்சி தந்தார்கள். ஒரு குழு நூலை வைத்துப் படித்தது. ஒரு குழு நூலே இல்லாமல் சொல்வளம், கேட்டுப் புரிதல், கதை சொல்லுதல் என்று வாய்மொழியாகவே பழகியது. மூன்றாவது குழுவுக்கு இரண்டும் கலந்து. மூன்று குழுக்களும் முன்னேறின. பயிற்சி முடிந்து 11 மாதம் கழித்துச் சோதித்தபோது வாய்மொழிக் குழுவே படித்துப் புரிவதில் அதிகம் முன்னேறியிருந்தது.

ஷூ கம்பெனியில் வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பும் தாய்க்கு இது நல்ல செய்தி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் இதைச் செய்யலாம். குழந்தை இரண்டு மூன்று வரி படித்ததும் நிறுத்தி, “இப்ப என்ன ஆச்சு? அடுத்து என்ன ஆகும்?” என்று கேட்கலாம். தெலுங்கிலோ உருதுவிலோ பதில் வந்தால் அப்படியே ஏற்கலாம். சரிபார்ப்பது கதையை, மொழியை அல்ல. முடிந்ததும் யார், எங்கே, என்ன சிக்கல், என்ன செய்தார், எப்படி முடிந்தது என்ற ஐந்து கேள்விகளை விரல் விட்டு எண்ணிச் சொல்லவைக்கலாம். ஓரிரு வாரம் கழித்துக் கேள்விகளை விட்டுவிட்டு விரலை மட்டும் காட்டலாம். படிக்காத நாளில், பள்ளியில் நடந்த ஒன்றை அதே வரிசையில் சொல்லச் சொன்னாலும் பயிற்சிதான்.

சில குழந்தைகளுக்கு இது போதாது. அன்றாட நிகழ்ச்சியைக்கூட வீட்டு மொழியில் கோவையாகச் சொல்ல முடியாதவர்களுக்கு முதலில் காது சோதனையும், பிறகு பேச்சு-மொழிப் பயிற்சியாளரின் மதிப்பீடும் வேண்டும். மூன்று நான்கு வயதிலேயே தானாக வாசிக்கத் தொடங்கி, கூப்பிட்டால் திரும்பாமல், பிற குழந்தைகளோடு சேராமல் இருப்பவருக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே அனுப்பும்போது, “வாசிப்பு நன்று” என்று மட்டும் எழுதாமல், படித்த கதையில், கேட்ட கதையில், வீட்டுப் பேச்சில் கேட்ட கதையில் குழந்தை என்ன சொன்னது என்ற மூன்று குறிப்புகளையும் சேர்த்து அனுப்பினால், மதிப்பிடுபவர் எங்கிருந்து தொடங்குவது என்று அறிவார்.