தூங்கும்போது கரையும் பணம்: சிஎஃப்டி, ஸ்ப்ரெட் பெட்டிங் கணக்கு புதியவர்களுக்கு ஏன் ஒத்துவருவதில்லை?

புனே சிவாஜி நகர் காவல் நிலையத்தில் பதிவான ஒரு எஃப்ஐஆர், இன்று பல நாடுகள் வரை நீண்டிருக்கிறது. ஆக்டாஎஃப்எக்ஸ் என்ற வெளிநாட்டு ஆன்லைன் ஃபாரெக்ஸ் தளத்தின் பெயரைச் சொல்லி, அதிக லாபம் தருவதாக சிலர் பணம் வாங்கி ஏமாற்றினார்கள் என்பது புகார். அதை அடிப்படையாக வைத்து அமலாக்கத் துறை விசாரணையைத் தொடங்கியது. அந்தத் தளம் 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரையான காலத்தில் மட்டும் இந்தியாவிலிருந்து சுமார் 800 கோடி ரூபாய் லாபம் பார்த்ததாகவும், அந்தப் பணம் இணைய வர்த்தக நிறுவனங்களுக்குப் போவதுபோல் காட்டி வெளியே அனுப்பப்பட்டதாகவும் அமலாக்கத் துறை சொல்கிறது. 2025 அக்டோபரில் இந்த வழக்கில் 2,385 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோ சொத்துகளை முடக்கியதாகவும் அறிவித்தது. இவை குற்றச்சாட்டுகள்தான், நீதிமன்றம்தான் முடிவு சொல்ல வேண்டும்.

மோசடி உண்டா இல்லையா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் கேள்வி வேறு. இதே மாதிரி வர்த்தகத்தை ஒரு நேர்மையான, உரிமம் பெற்ற நிறுவனத்தில் செய்தால் புதியவர் பிழைப்பாரா? ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்குச் சந்தை ஆணையமான எஸ்மா 2018-ல் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தபோது காட்டிய கணக்கு இது: சிஎஃப்டி செய்யும் சாதாரண வாடிக்கையாளர் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நஷ்டத்தில் முடிகின்றன. அதுவும் முறையாக உரிமம் பெற்ற நிறுவனங்களில். அப்படியென்றால் பிரச்சினை ஆளிடம் மட்டும் இல்லை, பொருளிலேயே இருக்கிறது.

நீங்கள் வாங்குவது என்ன?

சிஎஃப்டி என்பது ‘வித்தியாசத்துக்கான ஒப்பந்தம்’. தங்கத்தின் மீது சிஎஃப்டி வாங்கினால் உங்களிடம் ஒரு குண்டுமணி தங்கம்கூட வராது. வாங்கிய நேரத்து விலைக்கும் முடிக்கும் நேரத்து விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களும் ப்ரோக்கரும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். விலை ஏறினால் அவர் தருவார், இறங்கினால் நீங்கள் தர வேண்டும். பல நிறுவனங்களில் எதிர்ப்பக்கம் நிற்பது சந்தை அல்ல, ப்ரோக்கரேதான். உங்கள் ஆர்டரை அவர் வெளியே கொண்டுபோய் ஈடுகட்டவில்லை என்றால், உங்கள் நஷ்டம் அவருடைய வருமானம். நம்மூர் ‘டப்பா டிரேடிங்’ தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஸ்ப்ரெட் பெட்டிங் இதன் பிரிட்டிஷ் உறவினர். 1974-ல் லண்டனில் ஸ்டூவர்ட் வீலர் தொடங்கிய ஐஜி இண்டெக்ஸ் இதைப் பிரபலமாக்கியது. அங்கே சட்டப்படி இது பந்தயம். அதனால் கிடைக்கும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ‘ஒரு புள்ளிக்கு இத்தனை பவுண்டு’ என்று கட்டுவார்கள். 8,000-ல் நிற்கும் ஒரு குறியீட்டில் புள்ளிக்கு 10 பவுண்டு கட்டினால், கேட்பதற்குப் பத்து பவுண்டு பந்தயம் மாதிரி இருக்கும். உண்மையில் நீங்கள் தூக்கியிருப்பது 80,000 பவுண்டு சுமை. குறியீடு ஒரே ஒரு சதவீதம் இறங்கினால் 800 பவுண்டு போச்சு. லண்டனில் வேலை பார்க்கும் நண்பர் ‘வரியே இல்லப்பா’ என்று சொன்னால், இந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். வரி இல்லாத லாபம் வேண்டுமென்றால் முதலில் லாபம் வர வேண்டும்.

ஒரு ஹிஞ்சவடி கணக்கு

ஹிஞ்சவடியில் ஐடி வேலை பார்க்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், கணக்கு நிஜம். கணக்கில் 50,000 ரூபாய் போடுகிறார். தளம் 1:100 லீவரேஜ் தருகிறது. அதாவது 100 ரூபாய் மதிப்புள்ள பொசிஷனுக்கு 1 ரூபாய் மார்ஜின் போதும். ‘முழுசா எடுக்க வேண்டாம், ஜாக்கிரதையா இருப்போம்’ என்று நினைத்து 10 லட்சம் ரூபாய்க்கு மட்டும் வாங்குகிறார். மார்ஜின் 10,000 ரூபாய் பிடிக்கிறார்கள். மீதி 40,000 சும்மா இருப்பதுபோல் திரையில் தெரியும்.

இங்கேதான் முதல் ஏமாற்றம். அவர் 10,000 ரூபாய் ரிஸ்க் எடுக்கவில்லை. 50,000 ரூபாயை வைத்துக்கொண்டு 10 லட்சத்துக்கான ஏற்ற இறக்கத்தை வாங்கியிருக்கிறார், அதாவது 20 மடங்கு. விலை 1 சதவீதம் நகர்ந்தால் அவர் பணம் 20 சதவீதம் நகரும். 1:100, 1:500 என்று தளம் விளம்பரம் செய்யும் எண் வெறும் மேல்வரம்புதான்; நிஜமான லீவரேஜ் என்பது பொசிஷனின் மொத்த மதிப்பைக் கணக்கில் உள்ள மொத்தப் பணத்தால் வகுத்து வருவது. புதியவர்களில் பலர் இந்த வகுத்தலைப் போட்டே பார்ப்பதில்லை.

மார்ஜினில் பாதி அளவுக்குக் கணக்கு இறங்கினால் ப்ரோக்கரின் கணினி பொசிஷனைத் தானாகவே மூடிவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் விதியே அதுதான். இவருக்கு அந்தக் கோடு 5,000 ரூபாய். ஆக, விலை சுமார் 4.5 சதவீதம் இறங்கினால் ஆட்டம் முடிந்தது. மறுநாள் விலை பழைய இடத்துக்கே திரும்பினாலும் இவருக்கு எதுவும் திரும்பாது. சொந்தப் பணத்தில் தங்கம் வாங்கியவர் அதே சரிவைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். கணிப்பு சரியாக இருந்தும் தோற்பது என்பது இதுதான். திசை சரி, ஆனால் அதுவரை தாக்குப்பிடிக்க இடம் இல்லை.

இரவு வாடகை

இப்போது இரண்டாவது விஷயம். மீதி 9.9 லட்சம் ரூபாயை ப்ரோக்கர் சும்மா தரவில்லை. பொசிஷனை ஒரு இரவு தாண்டி வைத்திருந்தால் வட்டி பிடிப்பார். இதற்குத்தான் ஓவர்நைட் கட்டணம் அல்லது ஸ்வாப் என்று பெயர். பொதுவாக அந்த நாணயத்தின் அடிப்படை வட்டி விகிதத்துக்கு மேல் ப்ரோக்கரின் பங்காக 2.5 அல்லது 3 சதவீதம் சேரும். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 7 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம்.

வீட்டுக் கடனே அதைவிட அதிகம், 7 சதவீதம் மலிவுதானே என்று தோன்றும். அந்த 7 சதவீதம் எதன் மேல் என்று பாருங்கள். மார்ஜின் 10,000 மேல் அல்ல, அவர் போட்ட 50,000 மேலும் அல்ல. முழு 10 லட்சத்தின் மேல்! ஆண்டுக்கு 70,000 ரூபாய், இரவுக்கு 192 ரூபாய். 30 இரவுகளுக்கு 5,753 ரூபாய். விலை ஒரு பைசாகூட நகராமல் இருந்தாலே, ஒரு மாதத்தில் அவர் பணத்தில் 11.5 சதவீதம் காலி. ஓராண்டு வைத்திருக்க நினைத்தால் வாடகை மட்டும் அவர் போட்ட பணத்தைப் போல ஒன்றரை மடங்குக்குப் பக்கத்தில்.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியான ஸ்ப்ரெட் 200 ரூபாய் என்று சேர்த்தால், மாதக் கடைசியில் கணக்கில் இருப்பது 44,047. முதல் நாள் 4.5 சதவீதச் சரிவு தாங்கிய கணக்கு, இப்போது 3.9 சதவீதம்தான் தாங்கும். சந்தை எதுவும் செய்யவில்லை. சுவர் மட்டும் ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கிட்டே வருகிறது. லீவரேஜும் ஓவர்நைட் கட்டணமும் தனித்தனிச் செலவுகள் அல்ல என்பது இங்கேதான் புரியும். லீவரேஜ் கட்டணத்தைப் பெருக்குகிறது, கட்டணம் லீவரேஜ் கணக்கின் ஆயுளைக் குறைக்கிறது. ஒரு மாதத்தில் விலை 1 சதவீதம் ஏறினால்? 10,000 ரூபாய் லாபத்தில் கிட்டத்தட்ட 6,000 செலவுக்கே போய்விடும்.

விலை இறங்கும் என்று எதிர்ப்பக்கம் எடுத்தால் வட்டி நமக்கு வருமே என்று சிலர் கேட்பார்கள். வரலாம். ஆனால் அப்போது அடிப்படை விகிதத்திலிருந்து ப்ரோக்கரின் பங்கைக் கழித்துவிட்டுத் தருவார்கள். அடிப்படை விகிதம் 2 சதவீதமாக இருந்து, பங்கு 2.5 சதவீதமாக இருந்தால், இரண்டு பக்கமும் கட்டணம் கட்ட வேண்டியதுதான்.

கட்டணம் பிடிக்கும் நேரம் பெரும்பாலும் நியூயார்க்கில் மாலை 5 மணி. நமக்கு அது அதிகாலை 2.30 அல்லது, அங்கே குளிர்காலம் என்றால், 3.30. ஃபாரெக்ஸில் புதன்கிழமை இரவு மூன்று நாள் கட்டணம் ஒன்றாகப் பிடிப்பது வழக்கம். செட்டில்மெண்ட் இரண்டு வேலை நாள் தள்ளி நடப்பதால், வார இறுதியின் வட்டி புதன் கணக்கில் வந்து விழுகிறது. வியாழக்கிழமை காலை கணக்கைப் பார்த்து ‘என்னடா இது’ என்று பலர் திகைப்பது இதனால்தான்.

மெட்டாடிரேடர் செயலியில் ஒவ்வொரு பொருளின் Specification பகுதியில் Swap long, Swap short என்ற இரண்டு வரிகள் இருக்கும். பெரும்பாலும் அது ரூபாயில் இருக்காது, புள்ளிகளில் இருக்கும். அதனால் பார்த்தாலும் வலிக்காது. ஒரு புள்ளியின் மதிப்பால் பெருக்கி, 365-ஆல் பெருக்கி, பொசிஷன் மதிப்பால் வகுத்து, ஆண்டு சதவீதமாக மாற்றினால்தான் உண்மை தெரியும். ‘ஸ்வாப் இல்லை’ என்று விளம்பரம் செய்யும் கணக்குகளில் ஸ்ப்ரெட் எவ்வளவு, சில நாள் கழித்து நிர்வாகக் கட்டணம் என்று ஏதாவது வருகிறதா என்பதைப் பாருங்கள். கடன் கொடுப்பவர் தன் வட்டியை ஏதாவது ஒரு வாசல் வழியாக எடுத்துக்கொள்ளத்தான் செய்வார்.

இந்தியாவில் என்ன நிலை?

ஐரோப்பா இதை முழுதாகத் தடை செய்யவில்லை, லீவரேஜைக் கட்டியது. முக்கிய நாணய ஜோடிகளுக்கு 30 மடங்கு, பங்குகளுக்கு 5 மடங்கு, கிரிப்டோவுக்கு 2 மடங்கு. கணக்கு மைனஸில் போகக் கூடாது என்பதும் விதி. அதற்குக் காரணம் உண்டு: 2015 ஜனவரி 15-ல் சுவிஸ் மத்திய வங்கி திடீரென ஃபிராங்க் மீதான உச்சவரம்பை விலக்கியபோது, போட்ட பணத்தை இழந்ததோடு ப்ரோக்கருக்குக் கடன்பட்டும் நின்றார்கள் பலர். அமெரிக்காவில் சாதாரண மக்களுக்கு சிஎஃப்டி விற்கவே முடியாது.

இங்கே ரிசர்வ் வங்கி 2022 பிப்ரவரியில் எச்சரிக்கை விடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 34 பெயர்களுடன் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டது. ஆக்டாஎஃப்எக்ஸும் அதில் உண்டு. பட்டியல் அதன்பின் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அதில் பெயர் இல்லை என்பதால் ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது என்றும் ரிசர்வ் வங்கியே சொல்கிறது. வெளிநாட்டுக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்ப வழி தரும் எல்ஆர்எஸ் திட்டத்தில், மார்ஜின் கட்டப் பணம் அனுப்ப இடமில்லை. அதனால்தான் இத்தகைய தளங்களில் யுபிஐ ஸ்கேன் செய்தால் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கடைப் பெயர் வருகிறது. அந்தப் பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும்.

அனுமதி இல்லாத தளத்தில் வர்த்தகம் செய்பவர் மீதே ஃபெமா சட்டப்படி நடவடிக்கை வரலாம் என்பதால், நஷ்டப்பட்டவர்கள் புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள். பணம் அனுப்பி ஏமாந்தது தெரிந்தால் 1930 என்ற எண்ணில் உடனே சொல்வது நல்லது. பணம் இன்னும் உள்ளூர் வங்கிக் கணக்கில் இருந்தால்தான் முடக்க முடியும். ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்திலும் புகார் பதியலாம்.